பதிவு அட்டவணையில் நெருக்கமும் காலி வாரமும்

வெளியிட முன்கூட்டியே குறித்த பதிவுகளின் தேதிகளை விரிதாளின் A பத்தியில், A2 தொடங்கி, தேதி வரிசையில் அடுக்குங்கள், நேரம் சேர்க்க வேண்டாம். இரண்டு பதிவுகளுக்கிடையே 2 நாளுக்குக் குறைவாக இருந்தால் ‘நெருக்கம்’ என்றும், நடுவில் ஒரு முழு வாரம் பதிவே இல்லையென்றால் ‘வாரம் காலி’ என்றும் காட்ட, B3-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(A3="","",IF(A3-A2<2,"நெருக்கம்",IF((A3-WEEKDAY(A3,2))-(A2-WEEKDAY(A2,2))>7,"வாரம் காலி","சரி")))
```

நாள் இடைவெளியை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. 2025 மார்ச் 2 ஞாயிறு, அடுத்தது மார்ச் 10 திங்கள்: 8 நாள்தான், ஆனால் நடுவில் ஒரு வாரம் முழுக்கக் காலி. மார்ச் 3 திங்களுக்கும் 16 ஞாயிறுக்கும் 13 நாள் இருந்தும் எந்த வாரமும் காலியில்லை. அதனால்தான் WEEKDAY வைத்து வாரத்தொடக்கங்களை ஒப்பிடுகிறோம். அதில் உள்ள 2, வாரத்தைத் திங்களில் தொடங்க வைக்கிறது.

ஒரு தேதியை மாற்றினால் மறுபடி வரிசைப்படுத்துங்கள். மறந்தால் கழித்தல் எதிர்மறையாகி, தள்ளியிருக்கும் பதிவும் ‘நெருக்கம்’ என்று வரும்.