தட்டில் தேங்கும் தண்ணீருக்கு உப்பைத் திட்டாதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியின் குசினியில் இரண்டு சீசன் காலைச் சாப்பாடு செய்திருக்கிறேன். மே மாதம் வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கினால் செப்டெம்பர் வரை காலையில் முட்டைதான், வேறு பேச்சில்லை. முதல் கிழமையே ஒரு தட்டு அரைவாசியில் திரும்பி வந்தது. கிளறிய முட்டை ஒரு பக்கம் சின்னச் சின்னக் கட்டியாகச் சுருங்கிக் கிடந்தது. அதன் அடியிலிருந்து வெளிறிய மஞ்சள் தண்ணீர் கசிந்து, பக்கத்தில் இருந்த பாண் துண்டை ஊறவைத்திருந்தது.

பெரிய சமையற்கார அண்ணை தட்டைச் சரித்துப் பார்த்தார். "தம்பி, உப்பை முதல்லயே போட்டிட்டியோ? உப்புத்தான் தண்ணியை இழுத்து விட்டிருக்கு. இறக்கிப்போட்டுத் தூவு."

அடுத்த நாள் அவர் சொன்னபடியே செய்தேன். தண்ணீர் அப்படியே கசிந்தது. உப்புத்தான் ஓரிடத்தில் கரித்தது, இன்னோரிடத்தில் சப்பென்று இருந்தது. குற்றம் உப்பில் இல்லை, அடுப்பில் என்று எனக்குப் பிடிபட அந்த சீசன் பாதி போய்விட்டது.

முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும். பச்சை முட்டையில் புரதங்கள் தனித்தனி நூற்பந்துகள் போலச் சுருண்டு மிதக்கின்றன. சூடு ஏறும்போது பந்துகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. அந்த வலைக்குள் தண்ணீர் சிக்கி நிற்கும்போதுதான் முட்டை மெதுமெதுவென்று இருக்கிறது. அதற்கு மேலும் சூடு கொடுத்தால் வலை இறுகும். ஈரத் துணியை முறுக்குவது போலத்தான். உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வரும். தட்டில் தேங்கியது அந்தத் தண்ணீர்.

வெள்ளைக்கரு 62 பாகை செல்சியஸ் அளவில் கட்டத் தொடங்குகிறது. மஞ்சள்கரு 65 முதல் 70 வரையில். இரண்டையும் சேர்த்து அடித்த கலவை ஏறக்குறைய 73 பாகையில் கட்டிவிடும். மெத்தென்ற முட்டைக்கும் ரப்பர் முட்டைக்கும் இடையில் இருப்பது கொஞ்சப் பாகைதான். பெரிய நெருப்பில் வைத்த வெறும் தாச்சியோ 150 பாகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதில் முட்டையை ஊற்றினால் அடியில் தொட்ட பகுதி நொடியில் இறுகி, மேலே உள்ளது இன்னும் பச்சையாக இருக்கும். மேலே உள்ளது வேகட்டும் என்று நாம் காத்திருக்கும் நேரத்தில் அடியில் உள்ளது தண்ணீர் விட்டுவிடும்.

தாச்சியின் சூட்டை அளக்கக் கருவி தேவையில்லை, பட்டர் சொல்லும். பட்டரில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகும்போதுதான் நுரை வருகிறது. பட்டர் உருகி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் சோம்பலாக எழும் நேரம், கிளறிய முட்டைக்கு ஏற்ற சூடு. நுரை பொங்கி, பிறகு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது, சூடு 100 பாகையைத் தாண்டி ஏறுகிறது என்று அர்த்தம். பட்டர் பழுப்பாகி முந்திரி வறுத்தது போல மணந்தால், அடுப்பை நிறுத்தித் தாச்சியை ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில் நெருப்பைக் குறைத்தால் போதும் என்று நினைப்பதும் ஒரு தவறு. தாச்சி கனமாக இருந்தால், குறைத்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அதே கோபத்தில்தான் இருக்கும்.

திருகோணமலைக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குசினி யன்னலைத் திறந்து வைத்தால் காஸ் அடுப்பின் சின்னச் சுவாலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தாச்சியின் ஒரு ஓரம் கொதிக்கும், மற்ற ஓரம் ஆறிக் கிடக்கும். முட்டை ஒரு பக்கம் மட்டும் தடித்து வருவதைக் கண்டு கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். யன்னலைச் சாத்திய பிறகு சரியாகிவிட்டது.

இப்போது உப்பு. கறிக்கு வெட்டிய கத்தரிக்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடும், மீனிலும் விடும். அதனால் முட்டையிலும் விடும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் அடித்த முட்டையில் தண்ணீர் ஏற்கனவே எங்கும் கலந்து கிடக்கிறது, இழுத்துவர எதுவும் இல்லை. உப்பு செய்வது வேறு வேலை. கரைந்த உப்பு புரதங்களுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதைத் தளர்த்துகிறது. வலை கொஞ்சம் நெகிழ்வாகப் பின்னுகிறது, தண்ணீரைக் கூடுதலாகத் தாங்குகிறது. ஆகவே அண்ணை சொன்னதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்: உப்பை முன்கூட்டியே போடுங்கள்.

எவ்வளவு முன்னால் என்றால், கால் மணித்தியாலம் போதும். மூன்று முட்டைக்கு ஒரு தேக்கரண்டியில் கால் பங்கு தூளுப்பு, சுமார் ஒன்றரை கிராம். உப்பு வேலை செய்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். அடித்த உடனே கலவை தடிப்பாக, பால் கலந்தது போல வெளிர் மஞ்சளாக இருக்கும். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நீர்த்து, கண்ணாடித்தன்மை வந்து, நிறம் செம்மஞ்சளுக்குப் போயிருக்கும். இதைக் கண்டுதான் பலர் பயந்து, முட்டை பழுதாகிவிட்டதென்று நினைக்கிறார்கள். பழுதாகவில்லை. ஆனால் நம் ஊர் வெக்கையில் அடித்த முட்டையை மணிக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகுமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே கிளம்பும் அவசரத்தில் நேரமே இல்லை என்றால், அடிக்கும்போதே போட்டுவிடுங்கள். அதுவும் கடைசியில் தூவுவதைவிட மேல். கல்லுப்பு மட்டும் வேண்டாம். போட்டால் ஒரு கரண்டித் தண்ணீரில் முழுதாகக் கரைத்துச் சேருங்கள்.

ஒரு நாள் விடுதியில் விருந்தாளி இல்லை. அண்ணையை உட்காரவைத்து இரண்டு விதமாகவும் செய்து காட்டினேன். இரண்டு கோப்பை, ஒவ்வொன்றிலும் மூன்று முட்டை. ஒன்றில் கால் மணித்தியாலத்துக்கு முன்பே உப்பு, மற்றதில் இறக்கும்போது. ஒரே தாச்சி, ஒரே சின்ன நெருப்பு. பட்டர் ஒரு மேசைக்கரண்டி. ஊற்றிய பிறகு இருபது விநாடி தொடவில்லை. அடியில் மெல்லிய ஏடு கட்டியதும் மர அகப்பையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளினேன். தள்ளியதும் வெறுமையான இடத்துக்குப் பச்சை முட்டை ஓடிவரும், அது கட்டியதும் மறுபடி தள்ளு. நாலைந்து தடவை. முட்டை இன்னும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருக்கும்போதே, "இன்னும் அரை நிமிடம் வேண்டும்" என்று கை சொல்லும் அந்த இடத்திலேயே, நெருப்பிலிருந்து எடுத்துத் தட்டில் கொட்டிவிட்டேன்.

அந்த அரை நிமிடத்தில்தான் பெரும்பாலான முட்டைகள் கெடுகின்றன. அடுப்பை நிறுத்தினாலும் தாச்சியில் விட்டு வைத்தால் அது வெந்துகொண்டே போகும். தாச்சியில் சரியாகத் தெரிந்த முட்டை தட்டில் மிஞ்சி வெந்திருக்கும்.

பத்து நிமிடம் அப்படியே வைத்தோம். பிந்தி உப்புப் போட்ட தட்டின் ஓரத்தில் மெல்லிய நீர்க்கோடு ஒன்று. முந்திப் போட்டதில் இல்லை. அண்ணை இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னால், இரண்டிலும் தண்ணீர் மிகக் குறைவு. சூட்டைச் சரியாகப் பிடித்தால் உப்பின் நேரம் சின்ன வித்தியாசம்தான். பெரிய நெருப்பில் செய்தால் உப்பை எப்போது போட்டும் பயனில்லை.

சரி, இதே சின்ன நெருப்பில் பொங்கிய ஒம்லெட் வருமா என்றால் வராது. அது இன்னொரு பொதுவான தவறு. ஒம்லெட் உப்புவதற்கு, உள்ளே அடித்த காற்று விரியவும் தண்ணீர் ஆவியாகவும் வேண்டும், அது கட்டுவதற்கு முன் நடக்க வேண்டும். ஆகவே பட்டரின் நுரை அடங்கும் வரை, பழுப்பாகும் முன், நடுத்தர நெருப்பில் காத்திருந்து ஊற்றுங்கள். ஓரம் கட்டியதும் நெருப்பைக் குறைத்து மூடுங்கள். மேல்பகுதி உள்ளே நிற்கும் ஆவியிலேயே வேகும். உப்புப் போட்டு வைத்த கலவையில் நுரை அமர்ந்திருக்கும், அதனால் ஊற்றும் முன் முள்ளுக்கரண்டியால் அரை நிமிடம் மறுபடி அடியுங்கள்.

வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துச் செய்யும் தடித்த ஒம்லெட்டில் மட்டும் உப்பு விதி மாறுகிறது. உப்பு வெள்ளைக்கருவின் நுரையைச் சீக்கிரம் தளர்த்தும். அங்கே உப்பை மஞ்சள்கருவோடு கலந்துவிட்டு, அதை வெள்ளை நுரையில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். பாத்திரத்தில் ஒரு சொட்டு மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் வெள்ளை சரியாக நுரைக்காது.

வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவை உண்மையிலேயே தண்ணீர் விடும், உப்புப் பட்டால் இன்னும் கூடுதலாக. அவற்றை முதலில் தனியே வதக்கி, ஈரம் வற்றிய பிறகு முட்டையில் சேருங்கள். பச்சையாகக் கலந்து கால் மணித்தியாலம் வைத்தால் நான் சொன்ன உப்பு வித்தை உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வீட்டில் அம்மா தேங்காயெண்ணெயைப் புகையக் காயவைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று சிவக்கப் பொரிக்கும் முட்டை இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பெரிய நெருப்புத்தான் சரி. சோற்றுக்கும் சொதிக்கும் பக்கத்தில் அதை வைத்துவிட்டு மெத்தென்று இல்லையே என்று யாரும் கேட்பதில்லை.

மெத்தென்ற முட்டையை எல்லோருக்கும் கொடுக்கவும் முடியாது. முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம்; கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நோயால் பலவீனமானவர்களுக்கு முழுதாகக் கட்டும் வரை, ஈர மினுக்கம் போகும் வரை வேகவிடுங்கள். அவர்களுக்கும் சின்ன நெருப்பும் முந்திய உப்பும் உதவும். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் வறண்டு போகாது. விடுதியில் பாட்டி ஒருவருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். அவர் தட்டில் பாண் கடைசி வரை காய்ந்தே இருந்தது.