மெல்லிய முடிக்கு கிளிப்-இன் எக்ஸ்டென்ஷன்: இன்ச் பார்த்து வாங்காதீர்கள்

முகூர்த்த மாதங்களில் என்னோடு தலை அலங்கார வேலை பழக வரும் பெண்கள் எல்லோரும், ஆரம்பத்தில் நான் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மணப்பெண்ணின் அக்காவோ தோழியோ வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும்போதும் இதே கதைதான். நிறம் பொருந்தாதது, ஈரத் தலையில் மாட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் ரிசப்ஷனுக்காக, தோள் வரை மெல்லிய முடி உள்ளவர்கள், கிளிப் வைத்துத் தைத்த பட்டைகளாக வரும் இந்த ஒட்டுமுடியை மாட்டும்போது நடப்பதை மட்டும் பார்ப்போம்.

நீளத்தைப் பார்த்து வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். "அக்கா, 24 இன்ச் வாங்கிட்டேன்!" என்று பாக்கெட்டை நீட்டுவார்கள். எத்தனை கிராம் என்று கேட்டால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

கணக்கு எளிது. 100 கிராம் முடி 16 இன்ச் நீளத்தில் இருந்தால் எத்தனை இழைகள் இருக்குமோ, அதே 100 கிராம் 24 இன்ச்சாக இருக்கும்போது அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். எடையில் ஒரு பகுதியை நீளம் தின்றுவிடுகிறது. அதிலும் 'சிங்கிள் டிரான்' என்று விற்பதில் குட்டையும் நெட்டையுமான இழைகள் கலந்திருக்கும், கீழே போகப் போக இன்னும் மெலியும். அடர்த்திக்காக வாங்கியவர் கடைசியில் எலிவாலைத்தான் வாங்கியிருப்பார். 'டபுள் டிரான்' நுனிவரை ஓரளவு ஒரே அடர்த்தியாக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஒரு ரிசப்ஷனில் மணப்பெண்ணின் தங்கை 24 இன்ச், 120 கிராம் செட் ஒன்றைக் கொண்டு வந்தாள். அவள் சொந்த முடி தோளைத் தொட்டு நேராக வெட்டப்பட்டிருந்தது. எல்லாப் பட்டைகளையும் மாட்டி முடித்துப் பின்னாலிருந்து பார்த்தால், தோள் வரை ஒரு திரை, அங்கே கத்தரித்தாற்போல ஒரு கோடு, அதற்குக் கீழே இடுப்புவரை ஒல்லியாக இன்னொரு முடி. சீப்பால் எவ்வளவு வாரினாலும் அந்தக் கோடு போகாது. மேலே இருக்கும் அடர்த்தி கீழே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

வேறு வழியில்லாமல் தலையில் மாட்டிய நிலையிலேயே 17 இன்ச் அளவுக்கு வெட்டினோம். நேராக வெட்டவில்லை. கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நுனி நுனியாகக் கொத்திவிட்டோம். அப்புறம் அவள் முடியில் ஒரு கற்றையும் பட்டையில் ஒரு கற்றையும் சேர்த்தெடுத்து, இரண்டையும் ஒன்றாகவே கர்லரில் சுற்றினோம். தனித்தனியாகச் சுருட்டினால் இரண்டு முடியும் இரண்டு பக்கம் போகும். சேர்த்துச் சுருட்டினால்தான் அந்தக் கோடு கலையும். பார்க்க நன்றாகவே வந்தது. ஆனால் அவள் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கிய அந்த 7 இன்ச் குப்பைக்கூடைக்குப் போனது. திறந்த பாக்கெட்டை எந்தக் கடையும் சுலபத்தில் திரும்ப எடுக்காது.

தோள் வரை முடி உள்ளவர்களுக்கு 16 முதல் 18 இன்ச், 100 முதல் 120 கிராம் போதும். அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் எடையும் ஏற வேண்டும். அந்த எடையை மெல்லிய முடியின் வேர் தாங்காது. ஒரு மணி நேரத்தில் தலை வலிக்க ஆரம்பிக்கும், கிளிப்புகள் மெதுவாகக் கீழே இறங்கும். நேராக வைத்துத்தான் இன்ச் அளக்கிறார்கள், சுருட்டினால் இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செட்டில் இருப்பதையெல்லாம் மாட்டுவது

செட்டில் நாலு கிளிப் உள்ள அகலமான பட்டை ஒன்று இருக்கும். இரண்டு மூன்று அடுக்காகத் தைத்திருப்பார்கள். அடர்த்தியான முடிக்குச் செய்தது அது. மெல்லிய முடியில் பின்மண்டையில் மாட்டினால் மேலே மேடு தட்டும், காற்றடித்தால் பட்டையே தெரியும். அதை எடுத்து வைத்துவிட்டு இரண்டு கிளிப், ஒரு கிளிப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் தையலைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கிக்கொள்ளலாம்.

வகிட்டிலிருந்து மூன்று விரல் தள்ளியே மேல் பட்டை வர வேண்டும். பக்கவாட்டில் புருவத்தின் உயரத்துக்கு மேல் போகாதீர்கள். காதுக்கு முன்னால் கிளிப் வேண்டவே வேண்டாம். நெற்றியோர முடி இழுத்தால் சுலபத்தில் உதிரும், அதைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பிடரியில் கடைசியாக இருக்கும் குட்டை முடியைத் தொங்கவிடாமல், மெல்லிய பின்னலாகப் பின்னிப் படியச் சுருட்டிக் குத்திவிடுங்கள். பிடரிப் பட்டையை அந்தப் பின்னலின் மேல் மாட்டினால் இரண்டு வேலை முடியும். கிளிப்புக்குப் பிடிமானம் கிடைக்கும், குட்டை முடியும் கீழே எட்டிப் பார்க்காது.

அன்று காலையில் கண்டிஷனர் போட்டுக் குளித்துவிட்டு வருவது

வழுக்கும். முந்தின நாளே குளியுங்கள், வேரில் கண்டிஷனர் வேண்டாம், எண்ணெய் அறவே வேண்டாம். கிளிப் வரும் இடத்தில் முடியைத் தூக்கிப் பிடித்து, வேரோடு ஒட்டி ஒரு இன்ச் அளவுக்குச் சீப்பை வேரை நோக்கி அழுத்திச் சிக்காக்கி, ஹேர் ஸ்ப்ரே அடித்து, காய்ந்த பின் கிளிப்பைப் பூட்டுங்கள். பூட்டியதும் பட்டையைக் கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். தோலே இழுபட்டால் சரியாகப் பிடித்திருக்கிறது. பட்டை மட்டும் நகர்ந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால் கிளிப் அளவுக்கு மீறி இறுக்குகிறது, அதைத் தளர்த்தி மாட்டுங்கள். பொறுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகாதீர்கள்.

பட்டையில் பூ குத்துவது

இதை வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் ஊரில் மூன்று முழம் மல்லிகை வைக்கும் வழக்கமில்லை. முடியை விரித்துவிட்டுப் பூ வைக்கும்போது, உள்ளே இருப்பது பட்டையா முடியா என்று தெரியாமல் அத்தை யாராவது ஊக்கைச் சொருகுவார்கள். பூவின் எடை முழுவதும் ஒரே பட்டையில் விழும். சாப்பாட்டுப் பந்தி வருவதற்குள் பூவும் பட்டையும் சேர்ந்தே இறங்கியிருக்கும். மேல் முடியில் கொஞ்சம் எடுத்து ரப்பர் பேண்டால் பின்னால் சின்னதாகக் கட்டிவிட்டு, பூவை அந்தக் கட்டில் குத்துங்கள். தண்ணீர் சொட்டும் பூவை முதலில் துண்டில் ஒற்றி எடுங்கள். ஈரம் பட்டால் சுருட்டிய முடி நேராகிவிடும்.

சிந்தெடிக்கில் சூடு வைப்பது

உருகும். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு இழையைக் கொளுத்துங்கள். கரிந்து பொடியானால் மனித முடி, கெட்டி உருண்டையானால் சிந்தெடிக். சூடு தாங்கும் என்று எழுதியிருந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் டிகிரியைத் தாண்டாதீர்கள்.

உச்சியில் தோல் தெரிவதற்கு இதை வாங்குவது

உதவாது. அதற்கு உச்சியை மூடும் டாப்பர் என்ற துண்டு வேறு.

பின்னல் போடப் போகிறவர் வாங்குவது

சவுரி போதும். இழுத்து வாரினால் கிளிப் எல்லாம் வெளியே தெரியும்.

அப்படியே தூங்கிவிடுவது

களைப்பில் நிறையப் பேர் செய்கிறார்கள். புரளும்போது கிளிப் வேரோடு பிடுங்கும், காலையில் ஒரு கற்றை கையோடு வரும். கழற்றும்போது முதலில் மேல் பட்டை, கடைசியில் பிடரிப் பட்டை. எல்லாக் கிளிப்பையும் திறந்த பிறகே பட்டையை எடுங்கள். சிக்காக்கிய இடத்தில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து வேரை நோக்கி அகலப் பல் சீப்பால் பிரியுங்கள்.