கால் அலைத் தகடு வைத்தும் வட்டம் வரவில்லையா?

மின்புலத்தின் செங்குத்தான இரண்டு கூறுகளை இப்படி எழுதலாம்:

```
Ex = A cos(ωt)
Ey = B cos(ωt − δ)
```

வீச்சுகள் A = B, கட்ட வேறுபாடு δ = 90° என்றால் வட்டத் தளவிளைவு. இரண்டில் ஒன்று தவறினாலும் நீள்வட்டம்தான். எது தவறியது என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் திணறுகிறார்கள்.

தேவையானவை: லேசர், இரண்டு போலராய்டுகள், கால் அலைத் தகடு, கோண அளவுள்ள சுழல் தாங்கி, போட்டோடயோடு, மல்டிமீட்டர். செறிவைக் கண்ணால் மட்டிட வேண்டாம்; மைக்ரோஆம்பியர் அளவீடுதான் நம்பகமானது. லேசரை மறைத்து, அறை வெளிச்சத்துக்கு வரும் அளவை முதலில் குறித்துக்கொண்டு எல்லா அளவீட்டிலும் கழித்துவிடுங்கள்.

1. முதல் போலராய்டுக்குச் செங்குத்தாக இரண்டாவதை, அதாவது பகுப்பாய்வியை, வைத்து ஒளியை அணையுங்கள்.

2. நடுவில் தகட்டை வையுங்கள். ஒளி மறுபடி தெரியும். அது அணையும்வரை தகட்டைச் சுழற்றுங்கள். இப்போது தகட்டின் அச்சு போலராய்டின் அச்சோடு ஒன்றிவிட்டது. தகட்டின் விளிம்பில் உள்ள குறியை மட்டும் நம்பி இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

3. அங்கிருந்து தகட்டைச் சரியாக 45° திருப்புங்கள். ஒளி இரண்டு சம வீச்சுகளாகப் பிரியும். எதிர்ப்பக்கம் 45° திருப்பினால் வட்டத்தின் சுழற்சித் திசை மாறும்.

4. பகுப்பாய்வியை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மீட்டர் அசையாமல் நின்றால் நல்லது. ஏறி இறங்கினால், பெரும அளவு எந்தக் கோணத்தில் வருகிறது என்று பாருங்கள்.

பெருமம் தகட்டின் ஏதாவது ஓர் அச்சின் மேல் விழுந்தால், கட்டம் சரி, வீச்சுகள்தான் சமமில்லை. 45°க்குப் பதில் 40° வைத்தாலே பெருமம் சிறுமத்தைப் போல் 1.4 மடங்கு ஆகிவிடும். 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

பெருமம் தகட்டின் அச்சுகளுக்கு நடுவில், 45°-இல் விழுந்தால், வீச்சுகள் சமம். δ தான் 90° இல்லை. பெரும்பாலும் லேசரின் அலைநீளமும் தகட்டின் அலைநீளமும் பொருந்தாததே காரணம். 632.8 நானோமீட்டருக்கான ஜீரோ ஆர்டர் தகட்டில் 532 நானோமீட்டர் பச்சை லேசரை விட்டால், δ ஏறத்தாழ 90 × 632.8 / 532 = 107°. சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் உள்ள விகிதம் (1 + cos 107°) / (1 − cos 107°), அதாவது சுமார் 0.55. δ 90°-ஐத் தாண்டிவிட்டதால், பெருமம் முதல் போலராய்டின் திசைக்குச் செங்குத்தாக வரும். 90°-க்குக் குறைந்திருந்தால் அதே திசையில் வரும். தகட்டை எவ்வளவு திருப்பினாலும் இது தீராது. சரியான தகட்டை வாங்குவதே வழி.

பின்சேர்க்கை: மீட்டர் அசையவில்லை என்பதால் மட்டும் அது வட்டத் தளவிளைவு ஆகிவிடாது. தளவிளைவற்ற ஒளியும் இப்படித்தான் காட்டும். பகுப்பாய்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகக் கண்ணாடியை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்புங்கள். தகட்டை இரண்டாம் முறை கடக்கும்போது அது 90° திரும்பிய நேர்கோட்டு ஒளியாகி, முதல் போலராய்டில் தடைபடும். கண்ணாடியை மிகச் சிறிதளவு சாய்த்து, திரும்பும் புள்ளியை லேசர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்த வெள்ளை அட்டையில் பாருங்கள்: தகடு இருக்கும்போது புள்ளி ஏறக்குறைய மறையும், தகட்டை எடுத்தால் பளிச்சென்று தெரியும்.