ஆறு பேரில் ஆறு பேருக்கும் குணம் என்றால் அது நூறு சதவீதமா?

2020 மார்ச் கடைசி வாரம். தக்கலையில் என் மெடிக்கல் ஸ்டோரின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்த நாட்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே மாத்திரை, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். எல்லோர் போனிலும் ஒரே வாட்ஸ்அப் செய்தி: பிரான்சில் ஆய்வு செய்துவிட்டார்கள், இந்த மாத்திரையால் ஆறே நாளில் கொரோனா நூறு சதவீதம் குணம். டாக்டர் சீட்டோடு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தும் இருந்த சரக்கு இரண்டு நாளில் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் லூபஸ் நோய்க்காக வருடக்கணக்கில் அதே மாத்திரையைச் சாப்பிட்டுவரும் ஒரு அக்கா வந்தார். "எனக்க மாத்திரை இல்லியா தம்பி?" என்று அவர் கேட்டபோது என்னிடம் ஒரு அட்டைகூட இல்லை. மொத்த வியாபாரியிடமும் இல்லை.

அன்று ராத்திரி அந்த ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்து வாசித்தேன். ஒரு சிறிய ஆய்வை வாசிக்கும்போது என்னென்ன தவறு செய்யக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரு கட்டுரையிலிருந்துதான். அதையே இங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

சதவீதத்தைப் பார்த்துவிட்டு தலையை எண்ணாமல் விடுவது

மார்செய் நகரத்து ஆய்வு அது. கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 36 பேர். அதில் 20 பேர் மாத்திரை சாப்பிட்டவர்கள், 16 பேர் சாப்பிடாத ஒப்பீட்டுக் குழு. ஆறாம் நாள் மூக்குச் சளியில் வைரஸ் இல்லை என்று வந்தது, மாத்திரை சாப்பிட்ட 20 பேரில் 14 பேருக்கு. சாப்பிடாத 16 பேரில் 2 பேருக்கு. அந்த இருபதில் 6 பேருக்கு மட்டும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் வைரஸ் போயிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த 'நூறு சதவீதம்' இந்த ஆறு பேர்தான்.

கட்டுரையும் இந்த ஆறு பேரை வைத்து, அசித்ரோமைசின் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று சொன்னது. அது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம். அசித்ரோமைசினால் ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாத்திரை சாப்பிட்ட எல்லோரையும் போலவே இந்த ஆறு பேருக்கும் வாய்ப்பு இருபதில் பதினாலு, அதாவது 70 சதவீதம். ஆறு பேருக்கும் அது வரிசையாக அமைய எவ்வளவு வாய்ப்பு?

```
0.7 × 0.7 × 0.7 × 0.7 × 0.7 × 0.7 = 0.12
```

கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. கூடுதல் மருந்து எதுவுமே செய்யாவிட்டாலும், இதே மாதிரி எட்டு ஆஸ்பத்திரியில் ஆறு ஆறு பேரைப் பார்த்தால் ஒரு இடத்தில் 'நூறு சதவீதம்' என்று வந்துவிடும்.

முட்டத்திலிருந்து கடையில் மருந்து வாங்க வரும் ஒரு மீனவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் கணக்குப் போடவில்லை. "இன்னைக்கு ஆறு வள்ளம் போச்சு, ஆறும் நெய்மீனோட வந்துச்சு. அப்ப இனி போற வள்ளம் எல்லாத்துலயும் நெய்மீன் உண்டுண்ணு எழுதிக் குடுப்பீங்களா?" என்றேன். "கடலு அப்பிடியா கெடக்கும்?" என்று உடனே திருப்பிக் கேட்டார். உடம்பும் அப்படித்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, ஏனென்றால் அது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. நோயாளிகள் ஒரே பானையில் வெந்தவர்கள் இல்லை. வயது வேறு, நோய் தொடங்கிய நாள் வேறு, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கோளாறு வேறு.

அதனால் எந்த ஆய்விலும் சதவீதம் கண்ணில் பட்டால் அதைத் திரும்ப ஆட்களாக மாற்றிப் பாருங்கள். '83 சதவீதம்' என்று வந்தால் அது 100 பேரில் 83 ஆக இருக்கலாம், 6 பேரில் 5 ஆகவும் இருக்கலாம். பிறகு, அதில் ஒரே ஒருவருடைய முடிவு மாறியிருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஆறு பேர் குழுவில் ஒருவர் மாறினால் முடிவு 17 சதவீதம் நகர்ந்துவிடும். அப்படி நகரும் எண்ணைத் தலைப்பில் போடக்கூடாது.

கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணுவது

மாத்திரை குழுவில் சேர்க்கப்பட்டவர்கள் உண்மையில் 20 பேர் இல்லை, 26 பேர். ஆறு பேரை இடையில் விட்டுவிட்டார்கள். இதை ஒளிக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள், வாசித்தவர்கள் குறைவு. மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார். ஒருவர் குமட்டல் தாங்காமல் மாத்திரையை நிறுத்தினார். நோய் முற்றியவர்களும் இறந்தவரும்கூட இப்படி வெளியே போனதால்தான் 14 பேர் 20 பேரில் 70 சதவீதம் ஆனார்கள். 26 பேரையும் கணக்கில் வைத்தால் அதே 14 பேர் 54 சதவீதம்.

இரண்டாயிரம் பேர் ஆய்வில் ஆறு பேர் விலகினால் முடிவு அசையாது. இருபத்தாறில் ஆறு என்றால் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். சிறிய ஆய்வில் விலகியவர்கள் யார், ஏன் விலகினார்கள் என்ற பத்தியை முடிவுப் பத்திக்கு முன்பே வாசிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பி மதிப்பைப் பார்த்து வாயடைத்துப் போவது

"சார், பி மதிப்பு 0.001 போட்டிருக்கே" என்று அப்போது ஒரு மருந்து ரெப் என்னிடம் வாதாடினார். இருபதில் 14, பதினாறில் 2 என்ற வித்தியாசத்துக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் அந்த எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது, தற்செயலாக மட்டும் இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று. யாரை விட்டுவிட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு குழுவையும் குலுக்கிப்போட்டுப் பிரித்தார்களா என்பதும் தெரியாது; இங்கே அப்படிப் பிரிக்கவில்லை. மூக்கில் வைரஸ் போனதா என்று பார்த்ததை வைத்து 'உயிர் பிழைப்பார்கள்' என்று வெளியே பேசினார்கள் என்பதும் அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு, இதுதான் பலர் கவனிக்காதது. சிறிய ஆய்வில் ஒரு முடிவு பி மதிப்புக்கான வரம்பைத் தாண்டி வரவேண்டுமென்றால் வித்தியாசம் மிகப் பெரிதாகத் தெரிந்தாக வேண்டும். மருந்துக்குக் கொஞ்சம்தான் பலன் என்றாலும், அதிர்ஷ்டத்தால் பலன் பெரிதாகத் தெரிந்த சிறிய ஆய்வுகள்தான் அச்சேறும், மற்றவை மேசை டிராயரிலேயே கிடக்கும். அதனால் சின்ன ஆய்வில் அதிசயமான பலன் வந்தால் அது உண்மைப் பலனைவிட ஊதிப் பெருத்திருக்க வாய்ப்பு அதிகம்.

உயிர் பிழைப்பதைப் பற்றிச் சொல்ல எத்தனை பேர் வேண்டும்? 25 சதவீத மரணத்தை ஒரு மருந்து 20 சதவீதமாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பலன் இருந்தால் ஐந்தில் நாலு தடவையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்றால், வழக்கமான கணக்குப்படி ஒவ்வொரு குழுவிலும் சுமார் 1,100 பேர் வேண்டும். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு அந்த அளவில்தான் செய்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்றவர்கள் 1,561 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 3,155 பேர். 28 நாளில் இறந்தவர்கள் முறையே 27 சதவீதம், 25 சதவீதம். பலன் இல்லை. அசித்ரோமைசினையும் அதே ஆய்வில் தனியாகச் சோதித்தார்கள். இரண்டு பக்கமும் 22 சதவீதம். மார்செய் கட்டுரையை 2024 டிசம்பரில் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆள் குறைவு என்றாலே ஆய்வு தப்பு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948இல் வெளியான ஆய்வில் இருந்தது 107 பேர்தான். குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு பெரிது, பார்த்தது மரணத்தை, பிரித்த விதம் நேர்மையானது. 107 பேர் போதுமானதாக இருந்தது. எதைச் சொல்ல வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் 'போதுமா' என்ற கேள்விக்கே பதில்.

'பக்கவிளைவு இல்லை' என்பதை அப்படியே நம்புவது

எங்கள் மாவட்டத்தில் மூட்டுவலி எண்ணெய்க்கும் சூரணத்துக்கும் குறைவில்லை. அந்த நோட்டீஸ்களில் நான் அடிக்கடி பார்க்கும் வரி, '30 பேரிடம் ஆய்வு செய்ததில் பக்கவிளைவு எதுவும் இல்லை' என்பது போன்றது. ஆங்கில மருந்துக் கம்பெனிகளின் விளம்பரத்தாளிலும் இதே வரி வேறு உடையில் வரும். இதற்கு மனக்கணக்காகவே ஒரு வழி இருக்கிறது. ஒருவருக்கும் பாதிப்பு வரவில்லை என்றால், 3-ஐ ஆய்வில் இருந்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உண்மையான பாதிப்பு அந்த அளவு வரைக்கும் இருக்கலாம் என்று அர்த்தம்.

```
3 / 30 = 0.10
```

அதாவது பத்தில் ஒருவருக்கு ஈரல் பாதிக்கும் மருந்தாக இருந்தால்கூட, 30 பேர் ஆய்வில் ஒருவரும் சிக்காமல் போக வாய்ப்பு உண்டு. நோட்டீஸில் எழுதியிருப்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் பார்த்தது உண்மைதான், பார்த்த இடம் சிறிது.

இந்தக் கணக்கை நிஜமாகவே அனுபவித்தது ரோட்டாஷீல்டு தடுப்பூசி. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் ஆபத்து சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வந்தது. அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளும் ஏறத்தாழ அதே 10,000தான். அங்கொன்று இங்கொன்றாகக் கண்ணில் பட்டதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்த பிறகே தெளிவானது. 1999இல் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பின் அமெரிக்காவில் வந்த ரோட்டா தடுப்பூசிகளை 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துவிட்டுத்தான் அனுமதித்தார்கள்.

ஆய்வு தொடங்கும் முன் எத்தனை பேர் என்று சொன்னார்கள் என்பதைப் பார்க்காமல் விடுவது

ஒழுங்கான ஆய்வில் ஆட்களின் எண்ணிக்கை முதலிலேயே கணக்குப் போட்டு எழுதப்பட்டிருக்கும்: எவ்வளவு பலனை எதிர்பார்க்கிறோம், அதைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இடையில் விலகலாம் என்று. அந்தப் பத்தியே இல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் வாசிப்பேன்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை ctri.nic.in தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நோட்டீஸில் பதிவு எண் போட்டிருந்தால் அதை அடித்தால் போதும். அதில் Target Sample Size என்ற வரிக்குப் போங்கள். அங்கே 120 என்று இருந்து, வெளியான முடிவில் 38 பேர்தான் இருந்தால், மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, பணம் தீர்ந்ததா, அல்லது முடிவு தங்களுக்குச் சாதகமாகத் தெரிந்த நேரத்தில் நிறுத்திவிட்டார்களா? மூன்றாவது என்றால் அந்த முடிவு ஊதிப் பெருத்தது என்றே கொள்ள வேண்டும்.

லூபஸ் அக்காவுக்கு மாத்திரை கிடைக்க எங்களுக்குப் பதினேழு நாள் ஆனது. நாகர்கோவிலில் ஒரு நண்பருடைய கடையில் மூன்று அட்டை இருந்தது. போலீஸ் செக்கிங்கில் காட்ட அக்காவுடைய சீட்டின் நகலை வாங்கிக்கொண்டு நானே பைக்கில் போய் எடுத்து வந்தேன்.