விறகு அடுக்கின் எடை: ஒரு போட்டோ, ஒரு மீட்டர் குழாய், நூறு புள்ளிகள்

ராயபுரத்தில் எங்கள் மாமா விசேஷங்களுக்கு விறகடுப்பில் பிரியாணி போடுகிறார். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து வரும் சவுக்குக் கட்டைதான் அவருக்கு எப்போதும். வண்டியில் வந்து இறங்கும் கட்டையைச் சுவரோரம் அடுக்கிவிடுவோம். பில்லில் உள்ள எடை சரிதானா என்று பார்க்கும் வேலை என்னுடையது.

போன வருடம் அதில் ஒரு பெரிய தவறு செய்தேன். அடுக்கின் நீளம், உயரம், ஆழம் மூன்றையும் பெருக்கி, சவுக்கின் அடர்த்தியால் மறுபடி பெருக்கி, பில்லில் உள்ள எடை தப்பு என்று விறகுத் தொட்டிக்குப் போய் நின்றேன். தொட்டிக்காரர் கணக்கை ஒரு முறை பார்த்தார். "இன்னா தம்பி, கட்டைக்கு நடுவுல கீற காத்தையும் சேர்த்து எடை போட்டுக்கினு வந்து கேக்குற?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அடுக்கின் கன அளவு வேறு, அதில் இருக்கும் மரத்தின் கன அளவு வேறு. அந்தக் காற்றைக் கழிப்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்.

போட்டோ எடுப்பது

சரியாக 1 மீட்டருக்கு வெட்டிய பிவிசி குழாய் ஒன்று வேண்டும். இரண்டு முனையிலும் சிவப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இதைக் கட்டைகளின் வெட்டுமுகத்தைத் தொட்டபடி வைக்க வேண்டும், முன்னால் தரையில் போடக்கூடாது. 3 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது குழாய் 30 செ.மீ. முன்னால் கிடந்தால், அது பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாகத் தெரியும். அதை 1 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் நீளமும் உயரமும் தலா பத்து சதவீதம் சுருங்கி, பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

அடுக்குக்கு நேர் எதிரே, அதன் பாதி உயரத்தில் போனைப் பிடியுங்கள். முடிந்தவரை பின்னால் போய், கொஞ்சம் ஜூம் செய்து எடுப்பது நல்லது. எங்கள் தெரு மாதிரி சந்தில் பின்னால் போக இடம் இருக்காது. அதற்காக 0.5 லென்ஸுக்கு மாறாதீர்கள், அது ஓரங்களை இழுத்துவிடும். இடது பாதி, வலது பாதி என்று இரண்டு போட்டோ எடுத்து, இரண்டிலும் குழாயை வைத்துக்கொள்ளலாம்.

போன் சாய்ந்ததா என்று கண்டுபிடிக்க, குழாயை ஒரு முறை அடுக்கின் அடியிலும் ஒரு முறை உச்சியிலும் படுக்க வைத்து, நின்ற இடம் மாறாமல் எடுத்துப் பாருங்கள். இரண்டு போட்டோவிலும் குழாயின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. மேலே உள்ளது சின்னதாகத் தெரிந்தால் போனை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள்.

முகப்பின் பரப்பு

படத்தைக் கணினியில் பெயிண்டில் திறந்து, குழாயின் இரு முனைகளிலும் கர்சரை வைத்தால் கீழே பிக்சல் எண் தெரியும், இரண்டின் வித்தியாசம்தான் நீளம். இந்த முறை எடுத்த படத்தில் குழாய் 640 பிக்சல் வந்தது. அடுக்கின் அகலம் 1,600 பிக்சல், அதாவது 2.5 மீட்டர். உயரம் எங்கேயும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஐந்து இடத்தில் பார்த்தேன்: 780, 800, 760, 700, 640. சராசரி 736 பிக்சல், 1.15 மீட்டர்.

ஆழம் போட்டோவில் கிடைக்காது. கையில் டேப்போடு பத்துக் கட்டைகளின் நீளத்தை அளந்து சராசரி எடுங்கள். தொட்டியில் மூன்றடி என்று சொல்லி வெட்டிய கட்டை, எனக்கு 0.9 மீட்டர் வந்தது. மூன்றையும் பெருக்கினால் அடுக்கு ஏறக்குறைய 2.59 கன மீட்டர்.

காற்றைக் கழிப்பது

படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் போடுங்கள். அடுக்கின் முகப்பு மேல் ஸ்கேல் வைத்துக் குறுக்கே பத்துக் கோடு, நெடுக்கே பத்துக் கோடு, சம இடைவெளியில். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நூறு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். புள்ளி மரத்தின் மேல் விழுந்தால் ஒன்று, சந்தில் விழுந்தால் பூஜ்யம், சரியாக விளிம்பில் விழுந்தால் அரை. பொறுமையாக எண்ணினாலும் பத்து நிமிடம்தான் ஆகும்.

எனக்கு 62 வந்தது. அப்படியானால் அடுக்கில் 62 சதவீதம் மரம், மீதி காற்று. மரம் மட்டும் 1.6 கன மீட்டர்.

இந்த எண் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே தடிமனுள்ள உருளைக் கட்டைகளை ஒன்றின் தலைமேல் ஒன்றாக நேராக அடுக்கினால் 78.5 சதவீதம் நிறையும். சவுக்குக் கழிகள் தடிமனில் மாறும், லேசாக வளையும், அதனால் கையால் அடுக்கியதில் அந்த அளவு வருவது கடினம். 80ஐத் தாண்டினால், நிழல் விழுந்த சந்துகளை மரம் என்று எண்ணியிருப்பீர்கள். வெளிச்சத்தில் மறுபடி போட்டோ எடுங்கள். சீமைக்கருவேலம் மாதிரி கோணல் கட்டையாக இருந்தால் முகப்பு நெருக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரிய ஓட்டை இருக்கும். அந்த அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, பின்பக்கமும் எண்ணி, இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்வேன்.

அடர்த்தி

காய்ந்த சவுக்குக்கு அட்டவணைகளில் கன மீட்டருக்கு 800 முதல் 1,000 கிலோ வரை கிடைக்கும். இந்த இடைவெளியிலேயே நம் எடையில் கால் பங்கு போய்விடும். அதனால் அட்டவணை எண்ணை வைத்து மட்டும் நிறுத்தாமல், அடுக்கிலிருந்து நேரான கட்டை மூன்றை உருவி எடுங்கள்.

ஒரு கட்டையின் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றளவு பார்த்தேன்: 25 செ.மீ. அதை அதாலேயே பெருக்கி 12.57ஆல் வகுத்தால் வெட்டுமுகத்தின் பரப்பு, 49.7 சதுர செ.மீ. நீளம் 90 செ.மீ., ஆகவே கன அளவு சுமார் 4,475 கன செ.மீ. பக்கத்து மீன் கடைத் தராசில் வைத்தால் 4.1 கிலோ. 4,100 கிராமை 4,475ஆல் வகுக்க 0.92. மற்ற இரண்டும் 0.88, 0.90 வந்தன. சராசரி 0.90, அதாவது கன மீட்டருக்கு 900 கிலோ. அட்டவணைக்குள்தான் விழுகிறது. பட்டை, ஈரம் எல்லாம் இதிலேயே அடங்கிவிட்டன, அதனால் ஈரத்துக்கென்று மறுபடி எதையும் கூட்டக்கூடாது.

```
2.5 × 1.15 × 0.9 × 0.62 × 900 = 1444
```

1,444 கிலோ. பில்லில் ஒன்றரை டன் என்று இருந்தது. நூறு புள்ளியில் நான்கைந்து இப்படி அப்படி விழுவது சகஜம், அடர்த்தியிலும் கொஞ்சம் தவறும், ஆக இந்த முறையில் பத்து சதவீதம் முன்பின் இருக்கும். 1,300க்கும் 1,590க்கும் நடுவில் எந்த எடை சொன்னாலும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மாமா அன்றே பணத்தைக் கொடுத்தனுப்பினார். காற்றைக் கழிக்காமல் விட்டிருந்தால் இதே அடுக்கு 2,329 கிலோ என்று காட்டியிருக்கும்.

இரண்டு விஷயம் கவனம். அடுக்காமல் கொட்டிக் கிடக்கும் குவியலுக்கு இந்த முறை ஆகாது, முதலில் அடுக்குங்கள். அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் வரும் கட்டையின் கன அளவு பெரிதாக மாறாது, எடைதான் ஏறும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடும், இரண்டைத் தட்டினால் ணங்கென்று கேட்கும். வெடிப்பு இல்லாமல் மொத்தென்று சத்தம் வந்தால், பழைய 900ஐப் போடாமல் மூன்று கட்டையை மறுபடி மீன் கடைத் தராசுக்கு எடுத்துப் போங்கள்.