ப்ரோஷர்ல 20, டைனோல 17: மீதி எங்க போச்சு?

கிருஷ்ணகிரில இருக்கற எங்க சித்தப்பா பையன் ஓசூர்ல ஒரு டியூனிங் ஷெட்டுக்கு பைக்க எடுத்துட்டுப் போய், சக்திய அளக்கற டைனோமீட்டர்ல ஏத்திட்டு, அந்த ஷீட்ட போட்டோ எடுத்து அனுப்பினான். "அண்ணா, ப்ரோஷர்ல 20.4 பி.எஸ்.னு போட்டிருக்கு, இங்க 17.3 பி.எச்.பி. தான் வருது, இன்ஜின் போயிடுச்சா?"னு ஒரே பயம். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்கு போன்ல சொன்னத அப்படியே வரிசையா எழுதறேன்.

முதல்ல எல்லாத்தையும் கிலோவாட்டுக்கு மாத்துங்க

நம்ம தோட்டத்து 5 ஹெச்.பி. மோட்டார் பிளேட்ட தொடச்சுப் பாருங்க, 3.7 கிலோவாட்னு இருக்கும். ரெண்டும் ஒண்ணுதான், அளவு வேற. இன்ஜினுக்கும் அதே கணக்கு.

```
bhp = kW × 1.341
PS  = kW × 1.36
kW  = Nm × rpm / 9549
```

பி.எஸ்.ங்கறது மெட்ரிக் குதிரைசக்தி, 75 கிலோவ ஒரு செகண்ட்ல ஒரு மீட்டர் தூக்கற சக்தி. அது 735.5 வாட். இங்கிலீஷ்காரன் ஹெச்.பி. 745.7 வாட், அதனால அதே இன்ஜினுக்கு பி.எஸ். நம்பர் எப்பவும் கொஞ்சம் பெருசா தெரியும். தம்பி பைக் 15 கிலோவாட், அதாவது 20.4 பி.எஸ்., 20.1 பி.எச்.பி. ஆக யூனிட்னால போனது வெறும் 0.3 தான், மீதி வேற எங்கயோ இருக்கு.

அடுத்து, எந்த இடத்துல அளந்தாங்கன்னு பாருங்க

பி.எச்.பி.ல இருக்கற "பி" பிரேக். இன்ஜின சும்மா சுத்தவிட்டா சக்தி தெரியாது, பிரேக் போட்டு புடிச்சு நிறுத்தப் பாத்தாதான் எவ்ளோ முண்டுதுன்னு தெரியும். இன்ஜின் பெஞ்சுல க்ராங்க் ஷாஃப்ட்டோட தண்ணி பிரேக்கோ கரண்ட்ல இயங்கற பிரேக்கோ மாட்டுவாங்க, அந்த பிரேக் கூடு திரும்பாம ஒரு கை போய் தராசு மேல உக்காந்திருக்கும். அரை மீட்டர் கை, தராசு 3.44 கிலோ காட்டுதுன்னு வைங்க. 3.44 × 9.81 × 0.5 போட்டா 16.9 நியூட்டன் மீட்டர் டார்க். அப்ப இன்ஜின் 8,500 ஆர்.பி.எம்.ல சுத்துதுன்னா மேல இருக்கற ஃபார்முலால போடுங்க, 15 கிலோவாட் வந்துடும். ப்ரோஷர்ல வர்றது இந்த மாதிரி இன்ஜின் பக்கத்து நம்பர்.

ஷெட்ல நடக்கறது வேற

அங்க பின் வீல ஒரு கனமான ரோலர் மேல வச்சு, பெல்ட் போட்டு இறுக்கி கட்டி, முன்னாடி பெரிய ஃபேன் வச்சு, ஒரே கியர்ல கம்மி ஆர்.பி.எம்.ல இருந்து ஃபுல் த்ராட்டில் புடிச்சு ரெட்லைன் வரைக்கும் இழுப்பாங்க. இந்த வகைல தராசே கிடையாது, ரோலர் எவ்ளோ வேகமா வேகம் புடிக்குதுங்கறதுதான் அளவு. ரோலர் 200 கிலோ வண்டிக்கு சமம், 90 கி.மீ.ல இருந்து 93.6க்கு, அதாவது செகண்டுக்கு 25 மீட்டர்ல இருந்து 26க்கு, 0.44 செகண்ட்ல ஏறுதுன்னு வைங்க. ரோலருக்குள்ள போன எனர்ஜி ½ × 200 × (676 − 625) = 5,100 ஜூல். அத 0.44ஆல வகுத்தா 11.6 கிலோவாட், 15.6 பி.எச்.பி.

கியர மாத்தினா ரோலர்ல டார்க் மாறும், பவர் பெருசா மாறாது, அதனால டார்க் நம்பர மட்டும் பாத்து சண்டை போடாதீங்க.

15.6 எப்படி 17.3 ஆச்சு?

ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் மேல. காத்து லேசு, பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ள போற ஆக்ஸிஜன் கம்மி. அத ஈடுகட்டத்தான் சாஃப்ட்வேர் அன்னைக்கு இருந்த காத்தழுத்தம், சூடு, ஈரப்பதம் வச்சு திருத்தி 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் நிலைமைக்கு கொண்டுவரும். இவன் ஷீட்ல அந்த திருத்தம் 1.11 மடங்கு. அதான் 15.6 17.3 ஆச்சு. ஷீட்ல திருத்தினதா திருத்தாததான்னு கண்டிப்பா கேளுங்க, இதக் கேக்காமதான் பாதி பேரு ரெண்டு ஊரு ஷீட்ட வச்சு ஒப்பிடறாங்க. டர்போ வண்டிக்கு இதே திருத்தத்த போட்டா நம்பர் ஊதிப்போகும், ஏன்னா டர்போவே காத்த அமுக்கி அனுப்பிடுது.

இப்ப 17.3 பி.எச்.பி. = 12.9 கிலோவாட். 15ல 12.9ன்னா 14 சதவீதம் வழில போயிருக்கு, கியர்பாக்ஸ், செயின், ரோலர் மேல நசுங்கற டயர்னு. செயின் பைக்குக்கு 10-15 சதவீதம் சகஜம். இத வச்சு க்ராங்க் பவர் இவ்ளோன்னு யாராவது கூட்டி எழுதிக் குடுத்தா அது கணிப்புதான், அளந்தது இல்ல.

கடைசியா தம்பிகிட்ட மூணு இழுப்போட நம்பரையும் கேட்டேன். 17.1, 17.3, 17.2. கிராஃப் கோடு வழவழன்னு இருந்துச்சு. டயர் வழுக்கியிருந்தா கோடு பல்லு பல்லா குதிக்கும், திடீர்னு பொய்யான உச்சம் ஒண்ணு காட்டும், அப்ப டயர் காத்தழுத்தத்தையும் பெல்ட் இறுக்கத்தையும் பாத்துட்டு மறுபடி இழுக்கணும். அவன் ஷீட்ல அது எதுவும் இல்ல. செயின் மட்டும் காஞ்சு கிடந்துச்சாம், எண்ண போடச் சொல்லிட்டேன்.