மூலிகை டீயில் அதிமதுரம் எவ்வளவு? எடை போட்டு, பிபி பார்த்துக் குடிக்கும் முறை

ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கமெல்லாம் மார்கழி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு சுக்கு டீதான். சுக்கு, மிளகு, மல்லி, துளசியோடு அதிமதுரமும் சேர்கிறது. தொண்டைக்கு இதம், சர்க்கரை போடாமலே இனிப்பு. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைத் தேடிப் போடுவதற்குக் காரணம் அந்த இனிப்புதான். ஆனால் அவர்களில் நிறையப் பேருக்குப் பிபியும் இருக்கும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பாலக்கோட்டில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு இது நடந்தது. அதைச் சரிசெய்யும்போது கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். டீ போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அளவைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில்: யார் குடிக்கவே கூடாது

பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை, டிஜாக்சின், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதிமதுரத்தைத் தொடவே வேண்டாம். இவர்களுக்கு "கொஞ்சமாகப் போடலாம்" என்ற கணக்கை நான் சொல்ல மாட்டேன். சுக்கும் துளசியும் மிளகும் போதும். இனிப்பு இல்லாமல் முடியாதென்றால், சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் கொஞ்சம் கருப்பட்டி போட்டுக்கொள்ளலாம்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் வரும் படிகளுக்கு இது தேவை. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அது பொருந்தும் பூட்டில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சாவிபோலப் பொருந்தும். இரத்தத்தில் கார்டிசால்தான் பலமடங்கு அதிகம் என்பதால், சிறுநீரகத்தில் ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கும். அதிமதுர வேரில் இருக்கும் கிளைசிரைசின் குடலில் மாறி உடம்பில் சேர்ந்ததும் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. பிறகு கார்டிசாலே அந்தப் பூட்டைத் திறக்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிபி ஏறும். பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது: உங்கள் பொடியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்

மாமா வீட்டில் சிரமம் கொடுத்தது இந்தப் படிதான். காலையும் மதியமும் அத்தை போடும் சுக்கு டீயில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரப் பொடி. சாயங்காலம் யாரோ கொடுத்த "மூலிகை டீ" பாக்கெட். இருமல் வந்தால் ஒரு சிரப். மூன்றிலும் அதிமதுரம் இருந்தது. ஆனால் கேட்டால் "டீயில கொஞ்சம் போடுவோம்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

பாக்கெட்டின் பின்புறம் படிக்கும்போது அதிமதுரம் என்ற பெயரை மட்டும் தேடினால் போதாது. முலேத்தி, முல்லட்டி, யஷ்டிமது, லிக்கரைஸ், கிளைசிரைசா கிளாப்ரா எல்லாமே இதுதான். சமையலறை, பூஜை அலமாரி, மாத்திரை டப்பா என்று எல்லா இடத்திலும் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். குச்சியை மென்று சாற்றை விழுங்குவதும் கணக்கில் சேரும்.

பலரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கபசுரக் குடிநீரின் சேர்மானத்தில் அதிமதுரம் இல்லை. கடைக்காரர் தானாகச் சேர்த்துக் கொடுத்தால் அது வேறு விஷயம், கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: ஸ்பூனை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள்

நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் வரை காட்டுவது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சமையலறைத் தராசு இதற்கு உதவாது, ஒரு கிராமை அதில் நம்ப முடியாது. என் தராசில், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடி ஏறக்குறைய 2 கிராம் வந்தது. அத்தை எடுக்கும் மாதிரி குவித்து எடுத்தால் மூன்றரை கிராம் பக்கம்.

இப்போது கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-ல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசின். வேரில் அது எவ்வளவு இருக்கும் என்பது விளைந்த இடத்தையும் வேரையும் பொறுத்து நிறைய மாறும். மருந்துத் தரத்துக்கு ஐரோப்பாவில் கேட்பது குறைந்தது 4 சதவீதம், நல்ல வேரில் 10 சதவீதம்கூட இருக்கலாம். 4 சதவீதம் என்றால் ஒரு கிராம் வேரில் 40 மில்லிகிராம். 10 சதவீதம் என்றால் அதே ஒரு கிராமில் 100 மில்லிகிராம், வரம்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கும் பொடியில் எத்தனை சதவீதம் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் நான் பிடித்துக்கொண்ட அளவு: பிபி இல்லாத, வேறு மாத்திரை எதுவும் எடுக்காத பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு கிராம், அதுவும் தொண்டை சரியாகும் வரை சில நாள் மட்டும்.

மாமா கணக்கைப் போட்டுப் பாருங்கள். குவித்த ஸ்பூன் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. 7 கிராம். குறைந்த தரத்தில் வைத்தாலே 280 மில்லிகிராம், சாயங்கால பாக்கெட்டும் சிரப்பும் தனி. 100 மில்லிகிராமே சும்மா இருப்பதில்லை. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 30 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அளவை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் எண் சராசரியாக 3 புள்ளி ஏறியது என்று 2024-ல் வெளியிட்டார்கள். சிலருக்கு அதைவிட நன்றாகவே ஏறியது.

பொடியா, குச்சியா என்றால் எனக்குக் குச்சிதான். நசுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் வேரில் இருப்பதில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். பொடி போட்டால் அடியில் தங்குவதையும் சேர்த்து விழுங்குகிறோம்.

செய்முறை இவ்வளவுதான்: இரண்டு டம்ளர் தண்ணீர், தட்டிய சுக்கு, நாலைந்து மிளகு, ஒரு பிடி துளசி, எடை போட்ட ஒரு கிராம் அதிமதுரக் குச்சி. ஒன்றரை டம்ளராக வற்றியதும் வடிகட்டுங்கள். அது அன்று முழுவதற்குமான அளவு. சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டாம்.

நான்காவது: தொடங்கும் முன்னும் பின்னும் பிபி

மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், கை கொஞ்சம் ஏறி இறங்கினாலே எண் மாறிவிடும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். காலையில் டீக்கு முன், அப்புறம் இரவில். அதிமதுரம் சேர்ப்பதற்கு முன்பே சில நாள் எழுதிவைத்தால்தான் பின்னால் ஏறியதா இல்லையா என்று சொல்ல முடியும். ஒரு நாள் எண் கூடினால் அது ஒன்றும் சொல்லாது. தொடர்ந்து கூடிக்கொண்டே வந்தால் நிறுத்திவிடுங்கள்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிறவரிடம் டீயைப் பற்றியும் சொல்லுங்கள். மாமா சொல்லவில்லை. "மூலிகைதானே மாப்பிள்ளை, அதை எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

ஐந்தாவது: பொட்டாசியம் இறங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது

இதை மெஷின் காட்டாது. மாமாவுக்கு முதலில் வந்தது இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. பிறகு படி ஏறும்போது தொடை சோர்வு, மலச்சிக்கல், கணுக்காலில் வீக்கம். எல்லாவற்றையும் வயசு என்று தள்ளிவிட்டார். ஏற்கெனவே பிபிக்கு அம்லோடிபின் மாத்திரை எடுப்பவர், அதனாலும் கால் வீங்கலாம் என்று நாங்களும் நினைத்தோம். பிபி குறையாததால், சிறுநீர் அதிகம் போகச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்தார்கள். அந்த மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது இப்போது இரண்டு வழியில் போனது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5 வரை. இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகக்கூடிய நிலை என்று உடனே இசிஜி எடுத்தார்கள்.

தாளில் எழுதிய பட்டியலைக் காட்டியதும் மருத்துவர் அதிமதுரத்தின் மேல் விரலை வைத்தார். ஆல்டோஸ்டிரோனையும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினையும் இரத்தத்தில் பார்க்கச் சொன்னார். இரண்டும் குறைவாக வந்தன. அட்ரீனல் கட்டியால் இதேபோல பிபி ஏறிப் பொட்டாசியம் இறங்கினால் ஆல்டோஸ்டிரோன் கூடியிருக்கும். இரண்டும் குறைந்திருந்தது அதிமதுரத்தோடு ஒத்துப்போனது.

உங்களுக்குக் கால் பிடிப்போ சோர்வோ வந்தால் அதிமதுரத்தை அன்றே நிறுத்தி, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். படபடப்பு, மயக்கம், கைகால் தூக்க முடியாத பலவீனம், கடுமையான தலைவலி என்றால் பரிசோதனைக் கூடம் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பிற்சேர்க்கை: இளநீர் குடித்தால் சரியாகிவிடுமா?

பின்னூட்டத்தில் இதைத்தான் அதிகம் கேட்டார்கள். ஆகாது. நொதி முடங்கியிருக்கும் வரை உள்ளே போகும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதிமதுரத்தை நிறுத்துவதுதான் சிகிச்சையின் முதல் பாதி. மாமாவுக்குப் பொட்டாசியம் சிரப் கொடுத்தார்கள், இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து. அந்தச் சிரப்பை நாமே வாங்கிக் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் கூடிப்போனாலும் இதயம் நின்றுவிடலாம், அவர்களுக்கு இளநீரே ஆபத்து.

இன்னொரு பிற்சேர்க்கை: நிறுத்திய பிறகு

ஓசூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார், நிறுத்தி நான்கு நாளாகியும் அவர் அம்மாவுக்குப் பிபி இறங்கவில்லையாம். அது அப்படித்தான். அந்தப் பொருள் பித்தத்தோடு குடலுக்கு வந்து மறுபடி உறிஞ்சப்படுவதால் மெதுவாகத்தான் வெளியேறும். ஓரிரு வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல்.

ஆனால் இறங்கும்போது கவனம் வேண்டும். அதிமதுரத்தால் ஏறிய பிபிக்காகக் கூட்டிய மாத்திரை இப்போது மிஞ்சிப்போகும். மாமாவுக்கு மூன்றாவது வாரத்தில் கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது, மேல் எண் 100-க்குப் பக்கத்தில் இருந்தது. மருத்துவர் அந்தக் கூடுதல் மாத்திரையை நிறுத்தினார். அதனால் அதிமதுரத்தை விட்ட பிறகும் காலை, இரவு பிபியை எழுதிக்கொண்டே இருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். எண் குறைந்துகொண்டே போனால் மாத்திரையை நீங்களாக விடாமல், எழுதிய தாளோடு மருத்துவரிடம் போங்கள்.